கோடு முதலில், எழுத்து பிறகு

`12 4.2 18.6 35.0`

ஓர் ஊரின் ஓராண்டு மழைக்கணக்கு ஒரே தாளில் அச்சாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இடது ஓரத்தில் 1 முதல் 31 வரை தேதிகள், தலைப்பில் ஜனவரி முதல் டிசம்பர் வரை மாதங்கள், அடியில் மாத மொத்தம். மழை பெய்த நாளின் கட்டத்தில் மட்டும் மில்லிமீட்டர் அளவு இருக்கும். பெய்யாத நாளின் கட்டம் வெறுமையாக இருக்கும். இந்தத் தாளை ஸ்கேன் செய்து எழுத்துணரி மென்பொருளிடம் முழுப் பக்கமாகக் கொடுத்தால், பன்னிரண்டாம் தேதிக்கான வரிசை மேலே உள்ளபடிதான் வெளியே வரும். தேதியும் மூன்று அளவுகளும் சரியாகவே படிக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் எந்த மூன்று மாதங்களின் மழை அது?

தாளைப் பார்க்கும் மனிதருக்கு இந்தக் கேள்வியே எழாது. 4.2 மே மாதப் பத்தியில் இருக்கிறது, 18.6 அக்டோபரில், 35.0 நவம்பரில். நடுவே இருக்கும் வெற்றுக் கட்டங்கள் அதைச் சொல்லிவிடுகின்றன. எழுத்துணரிக்கோ வெறுமை என்பது இரண்டு சொற்களுக்கு இடைப்பட்ட இடைவெளி மட்டுமே. நான்கு கட்ட அகலமானாலும் அதை ஒற்றை இடைவெளியாகச் சுருக்கிவிடும். அந்த வரியைப் பின்னால் விரிதாளில் ஒட்டினால் மே மாத மழை ஜனவரிக்குப் போய்விடும். வடகிழக்குப் பருவமழை பிப்ரவரியிலும் மார்ச்சிலும் பெய்ததாகக் கணக்கு எழுதப்படும்.

அட்டவணையில் ஓர் எண்ணின் பொருளில் பாதி அது நிற்கும் இடத்தில் இருக்கிறது. அந்த இடத்தைக் காப்பவை கோடுகள். ஆகவே இத்தகைய தாள்களை எண்ணாக்குபவர்கள் வரிசையை மாற்றிப் போடுகிறார்கள். முதலில் எழுத்தை முழுக்க மறந்துவிட்டுக் கோடுகளை மட்டும் கண்டெடுப்பது; கோடுகள் வகுக்கும் கட்டங்களைப் பிரிப்பது; அதன் பிறகு ஒவ்வொரு கட்டத்தையும் தனிப் படமாக வெட்டி எழுத்துணரியிடம் கொடுப்பது. முதல் இரண்டு வேலைகளுக்கும் பரவலாகப் பயன்படுவது ஓப்பன்சிவி என்னும் திறந்தமூல நிரல் தொகுப்பு. 1999இல் இன்டெல் நிறுவனத்தில் கேரி பிராட்ஸ்கி தொடங்கிய திட்டம் அது.

எழுத்துணரியே ஒவ்வொரு சொல்லும் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று சொல்லுமே, அது போதாதா என்று கேட்கலாம். டெசராக்ட் போன்ற எழுத்துணரிகள் சொல்லின் இருப்பிடத்தைத் தருவது உண்மைதான். ஆனால் அந்த இடம் எந்தப் பத்திக்குள் வருகிறது என்று தீர்மானிக்க, பத்தியின் எல்லை தெரிந்திருக்க வேண்டும். மேலும், பெரும்பாலும் வெறுமையாக இருக்கும் பக்கத்தில் ஆங்காங்கே தனித்து நிற்கும் சிறு எண்களை முழுப் பக்க வாசிப்பு சில சமயம் எழுத்தென்றே கருதாமல் விட்டுவிடும். கட்டத்துக்குள் இருக்கும் ஒற்றை எண்ணைத் தனியே காட்டினால் அப்படித் தப்பிப்போகும் வாய்ப்பு குறைவு.

நீளத்தால் பிரிப்பது

நம் தாளின் அளவுகளைப் பார்ப்போம். ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில் ஸ்கேன் செய்தால் 2480 பிக்சல் அகலமும் 3508 பிக்சல் உயரமும் உள்ள படம் கிடைக்கும். தேதிக்கு ஒன்று, மாதங்களுக்குப் பன்னிரண்டு என்று 13 பத்திகள். தலைப்பு, 31 நாள்கள், மொத்தம் என்று 33 வரிசைகள். ஆக 429 கட்டங்கள். ஒரு கட்டம் சுமார் 170 பிக்சல் அகலம், 90 பிக்சல் உயரம். கோட்டின் தடிமன் சுமார் 3 பிக்சல். உள்ளே இருக்கும் எண்ணின் உயரம் 30 பிக்சலை ஒட்டி.

கடைசியாகச் சொன்ன அளவுதான் சாவி. எழுத்தும் கோடும் ஒரே கறுப்பு மைதான். நிறத்தை வைத்து அவற்றைப் பிரிக்க முடியாது. ஆனால் நீளத்தை வைத்துப் பிரிக்கலாம். எந்த எண்ணிலும் ஒரே நேர்கோட்டில் 80 பிக்சல் ஓடும் கிடைக்கீற்று கிடையாது. 7இன் மேல்கோடு 20 பிக்சலோடு முடிந்துவிடும். அட்டவணையின் கிடைக்கோடோ இரண்டாயிரம் பிக்சலுக்கு மேல் ஓடுகிறது. எனவே, 80 பிக்சல் நீளமும் ஒரு பிக்சல் உயரமும் கொண்ட ஒரு துண்டு மைக்குள் முழுமையாக அடங்கும் இடங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்தால் கிடைக்கோடுகள் மட்டும் மிஞ்சும். நீள ஏணியைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு நடப்பவர் அகலமான தெருவில் போய்விடலாம், முடுக்குச் சந்தில் நுழைய முடியாது என்பது போலத்தான். துண்டை நிமிர்த்தி வைத்து இதையே செய்தால் செங்குத்துக் கோடுகள் கிடைக்கும்.

இந்த முறையின் வேர் கணினியில் இல்லை, சுரங்கத்தில் இருக்கிறது. 1964இல் பிரான்சில் ஜார்ஜ் மாத்தரோன், ஜான் செரா என்னும் இருவரும் கனிமக் கற்களின் வெட்டுமுகத்தைக் கணித முறையில் அளக்க முயன்றபோது உருவான உருவவியல் கணிதம்தான் இது. குறிப்பிட்ட வடிவம் உள்ளே அடங்காத எதையும் முதலில் அரித்து நீக்கி, எஞ்சியதை அதே வடிவத்தால் பழைய அளவுக்கு விரித்துவிடும் இந்தச் செயலுக்கு அவர்கள் மொழியில் ‘திறப்பு’ என்று பெயர். ஓப்பன்சிவியில் அது ஒரே வரி:

```python
import cv2
import numpy as np

img = cv2.imread("mazhai.png", cv2.IMREAD_GRAYSCALE)
bw = cv2.adaptiveThreshold(img, 255, cv2.ADAPTIVE_THRESH_MEAN_C,
                           cv2.THRESH_BINARY_INV, 31, 15)
hk = cv2.getStructuringElement(cv2.MORPH_RECT, (80, 1))
vk = cv2.getStructuringElement(cv2.MORPH_RECT, (1, 60))
h = cv2.morphologyEx(bw, cv2.MORPH_OPEN, hk)
v = cv2.morphologyEx(bw, cv2.MORPH_OPEN, vk)
```

திறப்புக்கு முன்னால் வரும் `adaptiveThreshold` சாம்பல் நிறப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்குகிறது. பக்கம் முழுவதற்கும் ஒரே அளவுகோல் வைக்காமல், ஒவ்வொரு புள்ளியையும் அதைச் சுற்றியுள்ள 31 பிக்சல் சதுரத்தின் சராசரியோடு ஒப்பிடுகிறது. தாளின் ஒரு மூலை நிழலில் இருந்தாலும் அங்குள்ள கோடு காணாமல் போகாது. பெயரின் முடிவில் உள்ள `INV` என்பதைத் தொடக்கக்காரர்கள் அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். ஓப்பன்சிவி வெள்ளையைத்தான் பொருளாகவும் கறுப்பைப் பின்னணியாகவும் கொள்கிறது. ஆகவே மை வெள்ளையாகவும் தாள் கறுப்பாகவும் தலைகீழாக்கிக் கொடுக்க வேண்டும். மறந்தால் நிரல் பிழை எதுவும் காட்டாது. வெற்றுத் தாளின் பரப்பையே கோடாக எடுத்துக்கொண்டு பக்கம் முழுக்க வெள்ளைத் திட்டுகளைத் தரும். `h` படத்தைத் திரையில் திறந்து பார்த்தால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

துண்டின் நீளத்தைத் தாளுக்குத் தாள் யோசித்துத்தான் வைக்க வேண்டும். எண்கள் மட்டும் உள்ள தாளில் 80 தாராளம். அதே தாளில் இந்தித் தலைப்பும் இருந்தால் நிலைமை வேறு. நாகரி எழுத்தின் மேல்கோடு சொல் முழுக்க அறுபடாமல் ஓடும். ஒரு மாதப் பெயரின் மேல்கோடு 100 பிக்சலைத் தாண்டிவிடலாம். நிரல் அதை அட்டவணைக் கோடென்றே எடுத்துக்கொள்ளும், தலைப்பு வரிசை இரண்டாகப் பிளக்கும். தமிழில் எழுத்துகள் தனித்தனியே நிற்பதால் இந்தத் தொல்லை இல்லை.

ஒரு பாகை சாய்வு

அப்படியானால் துண்டை 300 பிக்சல் என்று நீட்டி வைத்துவிட்டால் எல்லா எழுத்தும் போய்விடுமே என்று தோன்றும். போகும், கோடும் சேர்ந்து போகும். காரணம் சாய்வு.

ஸ்கேனரில் தாளை யாரும் மிகச் சரியாக வைப்பதில்லை. ஒரு பாகை சாய்ந்தால், 2210 பிக்சல் நீளமுள்ள கோடு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதற்குள் சுமார் 39 பிக்சல் இறங்கிவிடும். கணினிப் படத்தில் அது படிக்கட்டு போல அமையும். மூன்று பிக்சல் தடிமனான கோட்டுக்குள், சற்றும் சாயாத ஒரு கிடைத்துண்டு எவ்வளவு தூரம் வெளியே வராமல் ஓடலாம் என்று கணக்கிட்டால் விடை சுமார் 170 பிக்சல். இரண்டு பாகை சாய்ந்தால் அது 86 ஆகச் சுருங்கும். 300 பிக்சல் துண்டு ஒரு பாகை சாய்வுக்கே எங்கும் அடங்காது; `h` படம் முழுக் கறுப்பாக வரும். 80 பிக்சல் துண்டும் இரண்டு பாகையில் மயிரிழையில்தான் தப்பும். கோட்டில் எங்காவது மை மெலிந்திருந்தால் அந்த இடம் அறுந்துபோகும்.

ஆக இரண்டு பக்கமும் நெருக்கடி: எழுத்து போக நீளம் வேண்டும், சாய்வு தாங்கக் குறுக்கம் வேண்டும். இதற்கு வழி, முதல் சுற்றில் 40 பிக்சல் துண்டால் தோராயமாகக் கோடுகளைப் பிடித்து, `cv2.HoughLinesP` கொண்டு அவற்றின் கோணங்களை அளந்து, நடுமதிப்பு எவ்வளவோ அவ்வளவு பக்கத்தைத் திருப்பிவிடுவது. முதல் சுற்றில் சில எழுத்துக் கீற்றுகள் கோடாகத் தவறாக எண்ணப்பட்டாலும் நடுமதிப்பு அவற்றைப் பொருட்படுத்தாது. திருப்பிய படத்தில் இரண்டாவது சுற்றாக 80 பிக்சல் துண்டைப் போடலாம்.

கோட்டிலிருந்து கட்டத்துக்கு

இப்போது கையில் இரண்டு படங்கள்: ஒன்றில் கிடைக்கோடுகள், ஒன்றில் செங்குத்துக் கோடுகள். நகலெடுத்த தாள்களில் கோடு ஆங்காங்கே விட்டுப்போயிருக்கும். 25 பிக்சல் துண்டால் ‘மூடல்’ என்ற எதிர்ச்செயலைச் செய்தால் அதைவிடச் சிறிய இடைவெளிகள் இணைந்துவிடும். இதை எழுத்துகளை நீக்கிய பிறகு செய்வதுதான் முக்கியம். முன்னாலேயே செய்தால் அருகருகே நிற்கும் எண்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் புதிய கோடுகளாக மாறிவிடும்.

```python
h = cv2.morphologyEx(h, cv2.MORPH_CLOSE, np.ones((1, 25), np.uint8))
v = cv2.morphologyEx(v, cv2.MORPH_CLOSE, np.ones((25, 1), np.uint8))
grid = cv2.dilate(cv2.bitwise_or(h, v), np.ones((3, 3), np.uint8))
n, _, st, _ = cv2.connectedComponentsWithStats(255 - grid, connectivity=4)
cells = [s for s in st[1:] if 100 < s[2] < 300 and 50 < s[3] < 150]
```

இரண்டையும் ஒன்றாக்கித் தலைகீழாக்கினால் ஒவ்வொரு கட்டத்தின் உட்பரப்பும் நாலாபக்கமும் கோடு சூழ்ந்த தனித் தீவாக நிற்கும். `connectedComponentsWithStats` ஒவ்வொரு தீவுக்கும் இடது விளிம்பு, மேல் விளிம்பு, அகலம், உயரம், பரப்பு என ஐந்து எண்களைத் தருகிறது. அட்டவணைக்கு வெளியே உள்ள ஓர வெளியும் ஒரு தீவாகவே வரும். அகலமும் உயரமும் கட்டத்தின் அளவுக்கு அருகில் இருப்பதை மட்டும் கடைசி வரி வைத்துக்கொள்கிறது.

எத்தனை கட்டங்கள் கிடைத்தன என்று இங்கேயே எண்ணிப் பார்க்க வேண்டும். 429 என்று வந்தால் மேலே போகலாம். 427 என்று வந்தால், எங்கோ ஒரு கோட்டில் இணையாத இடைவெளி இருக்கிறது; அதன் வழியே அடுத்தடுத்த இரண்டு கட்டங்கள் கலந்து, இருமடங்கு அளவான தீவாகி, வடிகட்டலில் விழுந்துவிட்டன. ஒரே ஒரு சிறு விடுபாடு இரண்டு கட்டங்களை இழக்கச் செய்வது இந்த முறையின் பலவீனம்.

இதற்கு மாற்றாக இன்னொரு முறை உண்டு. `h` படத்தில் ஒவ்வொரு கிடைவரியிலும் எத்தனை வெள்ளைப் புள்ளிகள் என்று கூட்டினால், கோடு இருக்கும் உயரங்களில் தொகை திடீரென எகிறும். அப்படி 34 உயரங்கள் கிடைக்க வேண்டும். `v` படத்தைப் பத்திவாரியாகக் கூட்டினால் 14 இடங்கள். இவற்றைக் குறுக்கும் நெடுக்கும் வைத்தால் கட்டங்கள் தானே வந்துவிடும். கோட்டில் பாதி அழிந்திருந்தாலும் மீதிப் பாதியின் தொகை அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் கோடு வளைந்திருந்தால் இது தோற்கும். தடித்த பதிவேட்டை விரித்து வைத்து எடுத்த படத்தில் நடு மடிப்பை நோக்கிக் கோடுகள் வளையும். தொகை பல உயரங்களில் சிதறி, எது கோடு என்றே தெரியாது. தீவு முறைக்கு மென்மையான வளைவு ஒரு பொருட்டல்ல, சூழ்ந்திருந்தால் போதும். ஆகத் தட்டையான, மை மங்கிய நகலுக்குக் கூட்டல் முறை. மை தெளிவான, வளைந்த பக்கத்துக்குத் தீவு முறை. இரண்டு மூன்று கட்டங்களை இணைத்துத் தலைப்பு போட்டிருக்கும் அட்டவணைக்கும் தீவு முறையே பொருத்தம். கூட்டல் முறை இணைந்த கட்டத்தையும் வெட்டித் துண்டாக்கிவிடும்.

கிடைத்த கட்டங்களை வரிசைப்படுத்துவதில் ஒரு பொறி இருக்கிறது. மேல் விளிம்பை வைத்து அடுக்கினால் போதும் என்று தோன்றும். ஆனால் ஒரே வரிசையின் பதின்மூன்று கட்டங்களின் மேல் விளிம்பும் ஒன்றாக இருக்காது. இரண்டு மூன்று பிக்சல் முன்பின்னாக இருக்கும். அப்படியே அடுக்கினால் மார்ச் ஜனவரிக்கு முன்னால் வந்து நிற்கும். கட்ட உயரத்தில் பாதி, அதாவது 45 பிக்சலுக்குள் மேல் விளிம்பு ஒத்துப்போகும் கட்டங்களை முதலில் ஒரே வரிசையாகத் தொகுத்து, பிறகு தொகுப்புக்குள் இடமிருந்து வலமாக அடுக்க வேண்டும்.

கட்டத்துக்குள்ளே

இனி எழுத்தின் முறை. கட்டத்தை விளிம்பு வரை வெட்டினால் கோட்டின் மிச்சம் கூடவே வரும். இடது ஓரத்தில் ஒட்டியிருக்கும் செங்குத்துக் கீற்றை எழுத்துணரி 1 என்று படிக்கும், 4.2 மில்லிமீட்டர் 14.2 ஆகிவிடும். எனவே நான்கு பக்கமும் ஆறு பிக்சல் உள்ளே தள்ளி வெட்டுவது வழக்கம். வெட்டிய துண்டைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பிக்சல் வெள்ளை ஓரம் சேர்க்கவும் வேண்டும். எழுத்து விளிம்பை முட்டிக்கொண்டு நின்றால் டெசராக்ட் தடுமாறும்.

ஒவ்வொரு துண்டையும் அனுப்புவதற்கு முன்னால் அதில் மை இருக்கிறதா என்று `bw` படத்தின் வெள்ளைப் புள்ளிகளை எண்ணிப் பார்க்கலாம். ‘4.2’ என்ற அச்சில் சில நூறு புள்ளிகள் இருக்கும். தூசி என்றால் பத்து இருபது. 60க்குக் கீழே இருந்தால் வெறுமை என்று வைத்துக்கொண்டால் கணக்குத் தாளின் பெரும்பகுதி எழுத்துணரிக்குப் போகாமலே தீர்ந்துவிடும். வெற்றுப் படத்தைக் கொடுத்தால் சில சமயம் ஏதாவது ஓர் எழுத்தைக் கற்பனை செய்துகொள்ளும் வழக்கமும் எழுத்துணரிக்கு உண்டு, அதிலிருந்தும் தப்பிக்கலாம். ஆனால் சில தாள்களில் மழையில்லாத நாளுக்குச் சிறு கோடும், அளவெடுக்காத நாளுக்கு வெறுமையும் விடுவார்கள். அந்தச் சிறு கோடு 40 புள்ளிகூடத் தேறாது. வரம்பை வைக்கும் முன் தாளில் பொருளுள்ள மிகச் சிறிய குறி எது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மிகச் சிறிய குறிகளில் ஒன்று தசமப்புள்ளி. அதன் அகலமும் உயரமும் மூன்று பிக்சல்தான் இருக்கும். படத்தைத் துடைத்து அழகாக்குகிறேன் என்று `cv2.medianBlur` வடிகட்டியை 5 என்ற அளவில் போட்டால், 25 புள்ளிச் சதுரத்தில் பெரும்பான்மை எதுவோ அதுவே மிஞ்சும். ஒன்பது புள்ளிகள் கொண்ட தசமம் சிறுபான்மை, அழிந்துவிடும். 18.6 மில்லிமீட்டர் மிதமான மழை 186 மில்லிமீட்டர் ஆகும். இந்திய வானிலைத் துறையின் வகைப்பாட்டில் 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை.

எழுத்துணரிக்குக் கொடுக்கும் கட்டளையும் கட்டத்துக்கு ஏற்ப மாறும். எண் கட்டங்களுக்கு இது போதும்:

```
tesseract cell.png - --psm 7 -c tessedit_char_whitelist=0123456789.
```

`--psm 7` என்பது ‘இந்தப் படம் ஒற்றை வரி, பக்க அமைப்பைத் தேடாதே’ என்ற ஆணை. அடுத்த பகுதி, எண்களையும் புள்ளியையும் தவிர வேறெதையும் எழுதாதே என்கிறது. 0 ஆங்கில ஓ ஆவதும் 5 எஸ் ஆவதும் இதனால் நிற்கும். மாதப் பெயர் உள்ள முதல் வரிசைக்கு மட்டும் இந்தத் தடையை நீக்கி `-l tam` என்று மொழியைக் குறிப்பிடலாம். முழுப் பக்கத்துக்கும் ஒரே கட்டளை என்றிருந்தால் இந்த வேறுபாடு சாத்தியமே இல்லை.

தாளே வைத்திருக்கும் சோதனை

எல்லாம் முடிந்து 429 விடைகள் கையில் இருக்கின்றன. அவை சரியா என்று எப்படித் தெரியும்? மழைக்கணக்குத் தாள் இதற்கு வசதியானது. முதல் பத்தி 1 முதல் 31 வரை தொடர்ச்சியாக வர வேண்டும். வராவிட்டால் வரிசைகள் நழுவியிருக்கின்றன. பிப்ரவரி 30, 31, ஏப்ரல் 31, ஜூன் 31, செப்டம்பர் 31, நவம்பர் 31 ஆகிய ஆறு கட்டங்களிலும் எந்த எண்ணும் இருக்கக் கூடாது. இருந்தால் பத்திகள் நழுவியிருக்கின்றன. இந்த இரண்டும் கோட்டுப் பிழையைக் காட்டிக்கொடுக்கும். மூன்றாவது எழுத்துப் பிழைக்கானது: ஒவ்வொரு பத்தியையும் கூட்டி அடியில் அச்சான மொத்தத்தோடு ஒப்பிடுவது. நவம்பர் மொத்தம் 10 மில்லிமீட்டர் கூடுதலாக வந்தால் எங்கோ ஓர் ஓரக்கோடு 1 ஆகியிருக்கலாம். 167.4 கூடுதல் என்றால் அதை ஒன்பதால் வகுத்துப் பார்க்கலாம்: 18.6. புள்ளி விழுந்த எண் பத்து மடங்காகும், அதாவது தன்னைப் போல் ஒன்பது மடங்கு கூடும். எனவே அந்தப் பத்தியில் 186ஐத் தேட வேண்டும்.

கோடே போடாத அட்டவணைகளுக்கு இந்த வழி உதவாது. பழைய அச்சு நூல்கள் பலவற்றில் பத்திகளுக்கிடையே வெற்று இடம் மட்டுமே எல்லை. திறப்புச் செயலுக்கு அங்கே பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. புள்ளிக் கோடுகளும் அப்படித்தான்: 80 பிக்சல் துண்டு எந்தப் புள்ளிக்குள்ளும் அடங்காது. கையெழுத்துப் பதிவேடுகளில் கட்டங்கள் ஒழுங்காகப் பிரிந்தாலும் உள்ளே இருப்பதை டெசராக்ட் நம்பகமாகப் படிக்காது, அது அச்செழுத்துக்கானது.

அங்கும்கூடப் பிரித்த கட்டங்கள் வீண்போவதில்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் இப்போது ஒரு முகவரி இருக்கிறது: தேதி, மாதம், படத்தில் அதன் நான்கு விளிம்புகள். கூட்டல் ஒத்துவராத பத்தியின் கட்டங்களை மட்டும் வெட்டி, படித்த விடையைப் பக்கத்தில் வைத்து ஒருவருக்குக் காட்டினால், அவர் முழுத் தாளையும் துழாவாமல் முப்பத்தொரு சிறு படங்களைப் பார்த்துத் தவறைத் திருத்திவிடுவார். கையெழுத்துத் தாளானால் அவரே படித்து எண்ணைத் தட்டச்சுவார். எந்த மாதத்தில் போடுவது என்று மட்டும் அவர் யோசிக்க வேண்டியதில்லை.